ஓய்வு நாளைத் திருடாதீர்கள்

போன பிப்ரவரியில் எங்கள் நடைக்குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு அட்டவணை வந்தது. 'முப்பதே நாளில் 10 கிலோமீட்டர்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. முதல் நாள் ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். அடுத்த நாளிலிருந்து தினமும் 300 மீட்டர் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் சிவப்பு மையில், 'ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவும்'. கீழே வணக்கம் சொல்லும் கைகள் நாற்பது, ஐம்பது இருக்கும்.

என் மனைவியின் தம்பிக்கு வயது 58. ரேஸ்கோர்ஸில் தினமும் இரண்டு சுற்று நடப்பவர். ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர், ஆக ஐந்து கிலோமீட்டர் நடை அவருக்குப் பழக்கம். அந்த அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து பீரோ கதவில் ஒட்டிவிட்டார்.

"மாமா, முந்நூறு மீட்டர்ங்கறது என்னங்க, நம்ம வீட்ல இருந்து பேக்கரி வரைக்கும். அதைத் தினமும் கூட்டுனா ஆச்சு" என்றார்.

நான் வங்கியில் முப்பத்து நான்கு வருடம் கணக்கு பார்த்தவன். 'தினமும் கொஞ்சம்' என்று யாராவது சொன்னால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்த அட்டவணையையும் கூட்டினேன். முதல் ஏழு நாளில் 13 கிலோமீட்டர் சொச்சம். இரண்டாவது ஏழு நாளில் 28. மூன்றாவதில் 42-க்கு மேல். கடைசி ஏழு நாளில் 61 கிலோமீட்டருக்கும் மேல். இதுவரை ஓடியே பழகாத ஒருவர் கடைசி ஏழு நாளில் 61 கிலோமீட்டர்! பல வருடம் ஓடி, முழு மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் போடுகிற கணக்கு இது. பேக்கரி வரைக்கும் என்று சொல்லி ஊரைத் தாண்டிவிட்டார்கள்.

சொன்னேன். "நீங்க எப்பவும் இப்படித்தானுங்க மாமா, எதுக்கெடுத்தாலும் கணக்கு" என்று சிரித்தார். இருபத்து மூன்றாம் நாள், 7.6 கிலோமீட்டர் ஓட வேண்டிய நாளில், பாதியில் நின்றுவிட்டார். வலது கால் முன்னெலும்பில், கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே வலி. எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்தும் அந்த இடத்தை ஒரு விரலால் தொட்டால் துள்ளினார். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் எலும்பில் அழுத்தக் காயம், விரிசலுக்கு முந்தைய நிலை என்று தெரிந்தது. ஆரம்ப வாரங்களில் இந்தக் காயம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். 'எக்ஸ்ரே நார்மல்' என்று சொல்லி மறுபடி ஓடப் போகிறவர்கள்தான் முழு விரிசலோடு திரும்பி வருகிறார்கள்.

குழுவில் என்ன சொன்னார்கள் தெரியுமா? 'ஷூ சரியில்லை.' 'கால்சியம் பத்தலை.' 'வார்ம்-அப் பண்ணலை.' அட்டவணை தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் இது நடப்பதற்குக் காரணம் உண்டு. ஓட ஆரம்பித்த இரண்டு மூன்று வாரத்திலேயே மூச்சு சீராகிவிடும். இதயமும் ரத்த ஓட்டமும் அவ்வளவு சீக்கிரம் பழகிக்கொள்ளும். ஓடுகிறவருக்குத் தெரிவது அது மட்டும்தான். 'அட, இப்போதெல்லாம் இரைக்கவே இல்லையே' என்று தோன்றும். ஆனால் எலும்பு வேறு வேகத்தில் வேலை செய்கிற இலாகா. புதிய சுமை வந்ததும் எலும்பு முதலில் செய்கிற காரியம் கட்டுவது இல்லை, இடிப்பது. பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுத்தானே கொத்தனார் புதுப் பூச்சு பூசுவார்? அதேபோல ஒருவகை அணுக்கள் எலும்பின் தேய்ந்த பகுதியைக் கரைத்து எடுக்கின்றன. இதற்கே மூன்று வாரம் போலாகும். அதன் பிறகு வேறு அணுக்கள் வந்து நிரப்பிக் கெட்டிப்படுத்த மூன்று மாதம் போலாகும். ஆக, மூச்சு 'இன்னும் ஓடு' என்று சொல்லும் அதே மூன்றாவது நான்காவது வாரத்தில், எலும்பு கொத்திவிட்ட சுவராக நிற்கிறது. அந்த நேரத்தில்தான் நம் அட்டவணைக்காரர் 42 கிலோமீட்டரை ஏற்றுகிறார். நடக்கும்போது ஒரு பாதத்தில் விழுவது உடல் எடையும் அதற்குச் சற்று மேலும்தான். ஓடும்போது அது இரண்டிலிருந்து மூன்று மடங்கு. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தசைநாருக்கும் இதே கதைதான், காலம் மட்டும் குறைவு. குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற அந்தத் தடித்த நாரை எடுத்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கடுமையான பயிற்சிக்குப் பிறகு முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை அந்த நாரில் கட்டுவதைவிடச் சிதைவதே அதிகம். அதற்குப் பிறகுதான் வரவு செலவை மிஞ்சுகிறது, மூன்றாம் நாள் வரை அது நீடிக்கிறது. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடுகிறவர், செலவு எழுதி முடிப்பதற்குள் அடுத்த செலவை எழுதுகிறார். வரவுப் பக்கம் திறக்கப்படுவதே இல்லை. ஓய்வு நாள் என்று நாம் சொல்வது இந்த வரவு எழுதப்படும் நாள். அதைச் சோம்பேறித்தனம் என்று குழுவில் கேலி செய்கிறவர்கள் உடம்பின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்காதவர்கள்.

எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு, மறைக்கக் கூடாது. 'ஒரு நாள் விட்டால் பழக்கம் விட்டுப்போகும், அறுபது வயதில் மறுபடி பிடிக்க முடியாது' என்கிறார்கள். உண்மை. நானே மழைக்காலத்தில் மூன்று நாள் படுத்துவிட்டு மூன்று மாதம் எழுந்திருக்காதவன். ஆனால் காப்பாற்ற வேண்டியது காலை ஐந்தரை மணிக்கு எழுந்து செருப்பு மாட்டுவதை. அதைத் தினமும் செய்யுங்கள். எழுந்து போய் நடங்கள், அரை மணி நேரம், பேசிக்கொண்டே. நடை வேறு, ஓட்டம் வேறு. விடவேண்டியது அந்த மூன்று மடங்கு அடியை மட்டும்தான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. படித்தவர்கள். 'வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது' என்று ஒரு விதியை வேதம் போலச் சொல்வார்கள், கால்குலேட்டரும் வைத்திருப்பார்கள். தினமும் கூட்டுகிறவரைவிட இவர் எவ்வளவோ மேல். ஆனால் அந்தப் பத்தில் மந்திரம் எதுவும் இல்லை. நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரத்தில் நடக்கும் நான்கு மைல் ஓட்டத்துக்காகப் பயிற்சி எடுத்த 532 புதியவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. 2008-ல் வெளியானது. ஒரு பிரிவினர் வாரம் பத்து சதவீதக் கணக்கில் 13 வாரம் பயிற்சி எடுத்தார்கள். இன்னொரு பிரிவினர் அதைவிட வேகமாகக் கூட்டி எட்டே வாரத்தில் முடித்தார்கள். காயம் இரண்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. வித்தியாசமே இல்லை. இதைக் காட்டி 'அப்போ எப்படிக் கூட்டினாலும் ஒன்றுதான்' என்று நம் அட்டவணைக்காரர் குதிப்பார். குதிக்க வேண்டாம். இரண்டு பிரிவுமே வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. தினமும் ஓடச் சொன்ன பிரிவு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

எனக்குச் சரியென்று படுவது வேறொன்று. வாரக் கூட்டலைவிட, ஒரே ஓட்டத்தில் எவ்வளவு தாவுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கடிகாரப் பதிவுகளை வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள் 2025-ல் இதைத்தான் சொன்னார்கள். கடந்த ஒரு மாதத்தில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே ஓட்டத்தில் தாண்டியவர்களுக்குக் காயம் கூடியிருந்தது. வாரக் கணக்கு அப்படி எதையும் காட்டவில்லை. 'நேத்து ஓடலை, அதனால இன்னிக்கு ரெண்டு நாள் தூரத்தையும் சேர்த்து ஓடிடறேன்' என்பவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சரி, குறை சொல்லிவிட்டாய், நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். மைத்துனருக்கு ஆறு வாரம் ஓட்டம் தடை. பிறகு மெல்ல நடை. ஜூன் கடைசியில் ஐந்து கிலோமீட்டர் வலியில்லாமல் நடந்தார். டிசம்பர் மூன்றாம் ஞாயிறு ஊரில் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டம் இருந்தது. அதிலிருந்து பின்னோக்கி எண்ணி 21 வாரத்துக்கு நான் ஒரு தாள் எழுதினேன். இருபது வாரம் பயிற்சி, ஒரு வாரம் உபரி. உபரி இல்லாத பட்ஜெட்டை நான் என்றும் கையெழுத்திட்டதில்லை. அதற்கு முன் டாக்டரிடம் போய் ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். நம் வயதில் அது இல்லாமல் இந்தத் தாளைத் தொடவே கூடாது.

ஓட்டம் செவ்வாய், வியாழன், ஞாயிறு. வேறு நாளில் கிடையாது. முதல் நான்கு வாரம் கிலோமீட்டரே இல்லை, கடிகாரம்தான். அரை மணி நேரம். முதல் வாரம் ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இரண்டாம் வாரம் இரண்டுக்கு இரண்டு. மூன்றாம் வாரம் மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. நான்காம் வாரம் மறுபடி இரண்டுக்கு இரண்டு, இறக்கம். "என்னங்க மாமா, பள்ளிக்கூடத்துப் பசங்க மாதிரி" என்று சலித்துக்கொண்டார். அந்த நான்காம் வாரம்தான் நான் சொன்ன கொத்திவிட்ட சுவர் வாரம். பிப்ரவரியில் உடைந்ததும் அதே வாரத்தில்தான் என்று நினைவூட்டினேன், பேசாமல் இருந்தார்.

ஐந்தாம் வாரத்திலிருந்து தூரம். செவ்வாயும் வியாழனும் மூன்று மூன்று கிலோமீட்டர், அவ்வளவுதான். ஏறுவது ஞாயிறு மட்டும். முதல் ஞாயிறு நான்கு, அப்புறம் நாலரை, ஐந்து, பிறகு இறங்கி நான்கு. அடுத்த சுற்றில் ஐந்தரை, ஆறு, ஆறரை, இறங்கி ஐந்து. அதற்கடுத்து ஏழு, ஏழரை, எட்டு, இறங்கி ஆறு. கடைசியில் எட்டரை, ஒன்பது, இறங்கி ஏழு, அதற்கு அடுத்த ஞாயிறு ஓட்டம். மூன்று வாரம் ஏறி ஒரு வாரம் இறங்குவது, ஒரு தடவைக்கு அரை கிலோமீட்டருக்கு மேல் ஏறாதது, இந்த இரண்டுதான் தாளின் சாரம். செவ்வாய், வியாழன் ஓட்டங்கள் இருபது வாரத்தில் மூன்றிலிருந்து நான்கு வரைதான் வளர்ந்தன. மிக அதிகமான வாரத்தில் மொத்தம் 17 கிலோமீட்டர். அந்த வாட்ஸ்அப் அட்டவணையின் 61-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

10 கிலோமீட்டரைப் பயிற்சியில் ஒரு முறைகூட ஓடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்பது ஓடியவர் பத்து ஓடுவார். ஒத்திகையிலேயே நாடகத்தை முடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

வேகம் என்று நான் எதையும் எழுதவில்லை. பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வார்த்தை வார்த்தையாக வெட்டினால் வேகம் அதிகம், நடைக்கு இறங்கிவிட வேண்டும். கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை எடுத்தால் துடிப்பு அவ்வளவாக ஏறாது. கடிகாரம் 'சௌக்கியம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அவர்களுக்குப் பேச்சுச் சோதனைதான் நம்பகமானது. சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுக்கிறவர்கள் பையில் குளுக்கோஸ் இல்லாமல் கிளம்பக் கூடாது. நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'இந்தச் சுற்றை மட்டும் முடிச்சுடறேன்' என்பது கூடாது.

இரண்டு இடத்தில் எங்களுக்குள் சண்டை வந்தது. அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் கொட்டோ கொட்டென்று மழை. "நாளைக்கு ஓடிக்கிறேனுங்க மாமா" என்றார். வெள்ளி ஓடினால் ஞாயிற்றுக்கு நடுவில் சனி இருக்கிறதே, போதாதா என்பது அவர் வாதம். போதும்தான், அந்த ஒரு தடவைக்கு. ஆனால் அடுத்த மழைக்குச் சனிக்கிழமை என்பார், அதற்கடுத்து ஞாயிற்றோடு சேர்த்துவிடுகிறேன் என்பார். விட்ட ஓட்டம் விட்டதுதான், அதைக் கடனாகக் கட்டக் கூடாது என்றேன். மூன்றரை கிலோமீட்டர் ஒரு தடவை போனால் இருபது வாரத்தில் எதுவும் குறையப்போவதில்லை. முணுமுணுத்துக்கொண்டே வீட்டில் படிக்கட்டில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியைச் செய்தார். பதினைந்து தடவை, மூன்று முறை. கெண்டைக்கால் வலுத்தால் முன்னெலும்பில் விழுகிற வேலை குறையும் என்று அவருடைய பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது அது.

இரண்டாவது, பதினான்காம் வாரம். ஏழரை கிலோமீட்டருக்கு மறுநாள் காலை அதே முன்னெலும்பில் ஏதோ இருக்கிறது என்று போன் செய்தார். குரலிலேயே பயம். நேரில் போனேன். ஒரு விரலால் அழுத்திக்கொண்டே வரச் சொன்னேன். பிப்ரவரியில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் குத்தியது. இப்போது இரண்டு காலிலும் உள்பக்கமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவலான நோவு. ஒற்றைக் காலில் மெல்லக் குதிக்க முடிந்தது. இரவில் வலித்து எழுப்பவில்லை. நடக்க ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் குறைந்தது. இது தசையும் அதன் உறையும் முனகுவது. ஒரே புள்ளியில் வலி, குதித்தால் வலி, படுத்தால் வலி, ஓட ஓடக் கூடும் வலி, இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம்தான் போயிருப்போம், என் விரல் தீர்ப்பை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டோம். செவ்வாயை விட்டுவிட்டு, அந்த வாரத்தைத் திரும்பவும் செய்தோம். உபரி வாரம் அங்கே செலவாயிற்று. எட்டுக்குப் போகலாம் என்று அவர் துடித்தார், ஏழரைதான் என்றேன். அந்த ஞாயிறு வலி இல்லை.

கடைசி வாரத்தில் செவ்வாய் மூன்று, வியாழன் இரண்டு, வெள்ளி சனி இரண்டு நாளும் ஓட்டம் இல்லை. அந்தச் சனிக்கிழமைதான் குழுவில் ஒருவர், 'நாளைக்குப் போட்டியை வெச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருக்கீங்களா, கால் இறுகிப்போயிரும், ஒரு ரவுண்டு போட்டுட்டு வாங்க' என்று செய்தி போட்டிருந்தார். மைத்துனர் என்னிடம் காட்டினார். பதில் போட வேண்டாம் என்றேன். போடாமல் இருந்தார், அதுவே அவர் வளர்ந்ததற்கு அடையாளம்.

ஞாயிறு 1 மணி 24 நிமிடத்தில் முடித்தார். ஏழாவது கிலோமீட்டரில் தண்ணீர் குடிக்க நின்று, ஒரு நிமிடம் போல நடந்தார். என் கொழுந்தியா கடைசித் திருப்பத்தில் வெந்நீர் பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்தவர் முதல் வார்த்தையாக, "மாமா, பிப்ரவரில ஒரு இருபத்தொண்ணு இருக்குங்க" என்றார். இருபத்தொரு கிலோமீட்டர். இரண்டு மாதத்தில். அந்தத் தாளையும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். போனை வாங்கிப் பார்த்தேன், அதில் வாரத்துக்கு ஆறு நாள் ஓட்டம். இன்னும் கூட்டிப் பார்க்கவில்லை, இன்று இரவு உட்கார வேண்டும்.